கடன் தவணை இரண்டு தரம் வெட்டுப்பட்டால்

யாழ்ப்பாண ரவுனில் கடை வைத்திருக்கும் ஒருவரின் நடைமுறைக் கணக்கில் வங்கிக் கடனின் 28,500 ரூபாய் தவணை 5ஆம் திகதியும் மறுபடி 7ஆம் திகதியும் வெட்டுப்பட்டது என்று வையுங்கள். 10ஆம் திகதி, சரக்குக்குக் கொடுத்த காசோலை பணம் போதாமல் திரும்பிவிட்டது.

இப்படி நடந்தால் முதலில் நடைமுறைக் கணக்கின் கூற்றோடு கடன் கணக்கின் கூற்றையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது தொகை பெரும்பாலும் கடன் கணக்கில் முற்பணமாகக் கிடக்கும். "அடுத்த மாதம் கழிப்போம்" என்று வங்கி சொன்னால் சம்மதிக்க வேண்டாம். காசோலை திரும்பியதற்கு அது பரிகாரம் அல்ல.

கிளை முகாமையாளருக்குக் கடிதம் எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். 7ஆம் திகதியிட்டே இரண்டாவது தவணைப் பதிவை மாற்றி, பணத்தை நடைமுறைக் கணக்கில் திரும்பப் போடும்படி கேளுங்கள், இதுதான் முக்கியம். அந்தத் திகதியிட்டு மாற்றினால்தான் 10ஆம் திகதி கணக்கில் பணம் இருந்திருக்கும் என்பது பதிவில் தெரியும். அப்புறம் காசோலை திரும்பிய கட்டணத்தையும், மேலதிகப்பற்று வட்டி விழுந்திருந்தால் அதையும் தனித்தனித் தொகையாக எழுதித் திருப்பிக் கேளுங்கள். தவறு வங்கியுடையது என்று சரக்குக்காரருக்குக் காட்ட ஒரு கடிதமும் கேளுங்கள். பாவம், அவருக்கும் வங்கி கட்டணம் வெட்டியிருக்கலாம்.

கிளையும் தலைமையகமும் தீர்க்காவிட்டால் முத்திரையிட்ட பிரதியோடு மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் உறவுகள் திணைக்களத்திடம் முறையிடலாம்; தொலைபேசி 1935.