டேக்ஸ் போடாத இன்வாய்ஸுக்கு கே2 ஏன் கையில இருக்கணும்

பினாங்குல சின்ன ஃபேக்டரி வச்சு எஸ்எஸ்டில ரெஜிஸ்டர் பண்ணினவங்க எக்ஸ்போர்ட்டுக்கு முதல் தடவ பில் போடறப்ப எங்க மாட்டிக்கிறாங்கன்னு சொல்றேன். பிறையில ஸ்டீல் ரேக் செய்யற கடைன்னு வச்சுக்குங்க, சிங்கப்பூர் கஸ்டமருக்கு 18,500 வெள்ளி சரக்கு, விற்பனை வரி 10%னா 1,850 வெள்ளி. எக்ஸ்போர்ட்டுன்னா அத வாங்க வேண்டாம், ஆனா சரக்கு வெளிய போச்சுன்னு நிரூபிக்க முடியலன்னா கஸ்டம்ஸ் ஆடிட்ல அத உள்ளூர் விற்பனையா எடுத்துப்பாங்க, 1,850 நம்ம கையிலிருந்து போயிடும்.

முதல்ல, இன்வாய்ஸ் எழுதறதுக்கு முன்னாடியே, சரக்கு வெளிய போறதுக்கு கஸ்டம்ஸ்ல கொடுக்கற எக்ஸ்போர்ட் ஃபாரம் கே2 யார் பேர்ல போகுதுன்னு கேளுங்க. நான் வேல செஞ்ச இடத்துல கஸ்டமரே லோரி அனுப்பி சரக்க ஏத்திட்டு போனாரு, கே2ல எக்ஸ்போர்ட்டர்னு வேற கம்பெனி பேரு, எங்க இன்வாய்ஸ் நம்பர் எங்கயும் இல்ல. அத சரி பண்ண மாசக்கணக்கா ஆச்சு. அதனால எக்ஸ்போர்ட்டர் இடத்துல நம்ம கம்பெனி பேருதான் வரணும்னு ஃபார்வர்டிங் ஏஜண்ட்கிட்ட எழுத்துல சொல்லிடுங்க.

அடுத்து இன்வாய்ஸ். வெளிநாட்டு அட்ரஸ், அளவு, பொருளோட பேரு எல்லாம் கே2ல எப்படி வரப்போகுதோ அப்படியே இருக்கட்டும், நீங்க "ரேக்"னு எழுதி அவங்க "ஃபர்னிச்சர் பார்ட்ஸ்"னு எழுதினா ரெண்டும் ஒரே சரக்குன்னு யாரு நம்புவா?

கே2 வந்ததும் இன்வாய்ஸோட பக்கத்துல வச்சு பாருங்க. தொகை மட்டும் வித்தியாசமா இருந்தா பயப்படாதீங்க, கே2ல எஃப்ஓபி மதிப்புதான் போடுவாங்க, நீங்க ஃப்ரைட், இன்ஷூரன்ஸ் சேர்த்து பில் போட்டிருந்தா அந்த வித்தியாசம் வரும், ஃப்ரைட், இன்ஷூரன்ஸ் பில்லையும் கூடவே வைங்க. கப்பல்னா பில் ஆஃப் லேடிங், விமானம்னா ஏர்வே பில், காசு வந்த பேங்க் ஸ்லிப், எல்லாத்தையும் ஒரே நம்பர்ல ஸ்கேன் பண்ணுங்க:

```
INV0147_invoice.pdf
INV0147_K2.pdf
INV0147_bank.pdf
```

ஏழு வருஷம் வைக்கணும். எஸ்எஸ்டி ரிட்டர்ன் ஃபாரம் SST-02 அனுப்பறப்ப எக்ஸ்போர்ட் தொகைய அதுக்குன்னு இருக்கற இடத்துலதான் போடணும், சும்மா விட்டுடக்கூடாது.

உள்ளூர் கம்பெனி வாங்கி அவங்க எக்ஸ்போர்ட் பண்ணாங்கன்னா அது மட்டும் நம்ம பில்ல எக்ஸ்போர்ட் ஆக்கிடாது. அவங்களுக்கு வரி விலக்கு இருந்தா, சரக்கு கிளம்பறதுக்கு முன்னாடியே சர்டிபிகேட் காப்பி வாங்கி பேரு, பொருள், தேதி பார்த்து அந்த நம்பர இன்வாய்ஸ்ல எழுதுங்க. இ-இன்வாய்ஸ் போடற மைஇன்வாய்ஸ்ல வரி வகை `E`, விலக்கு விவரத்துலயும் அதே நம்பர். "அடுத்த வாரம் அனுப்பறோம்"னு சொன்னா வரி போட்டே பில் அடிங்க.