பொறுப்பை ஒப்படைக்கும் குறிப்பில் மழை மூன்றாம் பக்கத்தில் இருக்கக் கூடாது

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை என் பொறுப்பில் இருந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து 26 வாரம் பேறுகால விடுப்பு, அதாவது வடகிழக்குப் பருவமழை முழுக்க நான் இருக்க மாட்டேன். என் இடத்தில் பார்க்கப்போகும் தம்பிக்கு நான்கு பக்கக் குறிப்பு எழுதினேன், மறுபடி படித்தபோதுதான் அதை அப்படியே கொடுக்கக் கூடாது என்று புரிந்தது.

முதல் தவறு, நடந்த வரிசையிலேயே எழுதியது. முகப்பில் தேக்குக் கதவு மெருகேற்றியது, பூச்சுக்குச் சுண்ணாம்பு வாங்கியது என்று முடிந்த கதையெல்லாம் முதல் இரண்டு பக்கத்தில். மூன்றாம் பக்க நடுவில் ஒரு வரி: "இரண்டாம் கட்டுப் பகுதியில் கூரை ஓடு மாற்றும் வேலை நடக்கிறது, மழைக்கு முன் முடித்தால் நல்லது." உண்மையில் மற்ற எல்லா வேலையும் இதை நம்பித்தான் நிற்கிறது, ஏனென்றால் கூரை ஒழுகினால் சுவர் ஈரம் குடிக்கும், தொடர்ந்து ஊறும் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு சரியாக இறுகாது, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லிலும் கறை ஏறிவிடும்.

"நல்லது", "கொஞ்சம் கவனம்" என்பதெல்லாம் எழுதுகிறவர் மனதில் இருக்கும் பயம், படிக்கிறவருக்கு அதில் எதுவும் தெரியாது. எந்தத் தேதி, எதைப் பார்த்தால் வேலை பிந்துகிறது என்று தெரியும், அப்போது என்ன செய்வது, இந்த மூன்றும் வேண்டும். அதனால் இரண்டு ஆபத்துகளை முதல் பக்கத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து இப்படி மாற்றினேன்:

"இரண்டாம் கட்டு ஓடு அக்டோபர் 10-க்குள் முடிய வேண்டும். செப்டம்பர் 20 அன்று பாதிக் கூரை முடிந்திருக்காவிட்டால் அன்றே தார்ப்பாய்க்குச் சொல்லிவிடு. ஓடு முடியாமல் கல் பதிக்க ஆரம்பிக்காதே.

பின்கட்டுச் சுவரைத் தொடாதே. ஐந்து பங்காளிகளில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மலேசியாவில் இருப்பவர் போனில் சரி என்றார், எழுத்தில் தரவில்லை."

பழைய குறிப்பில் இந்த இரண்டாவது விஷயத்தை "பங்காளிகள் ஒப்புதல் கிட்டத்தட்ட முடிந்தது" என்று எழுதியிருந்தேன். அந்தக் "கிட்டத்தட்ட"வை நம்பி ஒருவர் சுவரை இடித்திருந்தால் அப்புறம் அதைத் திரும்பக் கட்டினாலும் சண்டை தீராது.

முடிந்த வேலைகளை அழிக்கவில்லை, கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினேன்.

அப்புறம் முதல் பக்கத்தை மட்டும் தம்பியிடம் கொடுத்து, இரண்டு நிமிடம் படித்துவிட்டுத் திங்கட்கிழமை முதலில் என்ன செய்வாய் என்று கேட்டேன். "மேஸ்திரிகிட்ட ஓட்டுக் கணக்கு கேட்பேன்" என்றான். சரிதான். உடனே, "தார்ப்பாய்க்குப் பணம் யாரைக் கேட்கணும் அக்கா?" என்றான். எதுவரை அவனே முடிவெடுக்கலாம் என்று நான் எங்குமே எழுதவில்லை. அலுவலகத்தில் கேட்டுவிட்டு, தார்ப்பாய் வரிக்குக் கீழேயே சேர்த்தேன்: "15,000 ரூபாய் வரை நீயே செலவு செய், யாரையும் கேட்டுக் காத்திருக்க வேண்டாம்."