திரும்பப் பெறும் அறிவிப்பைத் தமிழாக்குவது எப்படி? ஒரு பவர் பேங்கை வைத்துப் பார்ப்போம்

குறைபாடுள்ள பவர் பேங்குகளைத் திரும்பப் பெறுவதாக ஒரு நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். எழுத்துப் பிழை இல்லை, ஒரு வரியும் விடுபடவில்லை. என் சித்தப்பாவிடம் அதே பவர் பேங்க் இருந்தது. அறிவிப்பை முழுக்கப் படித்துவிட்டு, "என்னோடது நல்லாத்தானே இருக்கு, இது எனக்கில்லை" என்று சொல்லி, தலையணைக்குப் பக்கத்திலேயே சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தார்.

தவறு அவருடையது இல்லை. "பாதிக்கப்பட்ட பவர் பேங்குகளைப் பயன்படுத்த வேண்டாம்" என்று நான் எழுதியிருந்தேன். ஆங்கில மூலத்தில் அந்தச் சொல்லுக்கு 'இந்த அறிவிப்பு எவற்றைக் குறிக்கிறதோ அவை' என்றுதான் பொருள். தமிழில் 'பாதிக்கப்பட்ட' என்றால் ஏற்கெனவே ஏதோ ஆகிவிட்டது, அதாவது வீங்கியது, கருகியது, உடைந்தது. பளபளவென்று இருக்கும் பொருளைக் கையில் வைத்திருப்பவர் தன்னைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டார். அடுத்த சொல்லும் ஏமாற்றியது. 'பயன்படுத்த வேண்டாம்' என்பதைத் 'தேவையில்லை' என்கிற அளவுக்கு மென்மையாகவும் எடுத்துக்கொள்ள முடியும்.

சரி, இப்போது எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் மூலத்தைப் பிரியுங்கள்

மொழிபெயர்ப்பு மென்பொருள் எதையும் திறப்பதற்கு முன், சாதாரண விரிதாளில் நான்கு கேள்விகளை எழுதுவேன். எந்தப் பொருள்? என்ன ஆபத்து? இப்போதே என்ன செய்ய வேண்டும்? பதிலுக்கு என்ன கிடைக்கும்? மூலத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் இவற்றில் ஒன்றின் கீழ் போடுவேன். எதிலும் சேராதவை பெரும்பாலும் நிறுவனத்தின் வருத்தமும் தரத்தைப் பற்றிய பெருமையும்தான். அவற்றை நாமாக வெட்டக் கூடாது, ஆனால் கடைசிக்கு நகர்த்தலாமா என்று கேட்கலாம். நான் கேட்டவரை யாரும் மறுத்ததில்லை.

வினைச்சொல்லை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்

ஆங்கிலத்தில் 'நிறுத்துங்கள்' என்பது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். மூலத்தை அப்படியே ஒரே வாக்கியமாக மாற்றினால் தயாரிப்பு மாதம், வரிசை எண், நிறம் எல்லாம் தாண்டிய பிறகே என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். அதற்குள் பாதிப் பேர் படிப்பதை விட்டுவிடுவார்கள். வாக்கியத்தை உடைப்பதுதான் வழி. முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சிறிய வாக்கியம். அடுத்து, எண் பொருந்தினால் என்ன செய்ய வேண்டும் என்று இன்னொன்று.

'நிறுத்தவும்', 'அணுகவும்' என்பவை அறிவிப்புப் பலகை மொழி. தவறில்லை, ஆனால் எனக்குப் பிடிக்காது. 'நிறுத்துங்கள்', 'பயன்படுத்தாதீர்கள்' என்றால் எதிரே நின்று ஒருவர் சொல்வது போல இருக்கும். எதைத் தேர்ந்தாலும் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வினை இரண்டு திசையில் ஓடக் கூடாது

நிறுவனம் பொருளைத் 'திரும்பப் பெறுகிறது'. வாடிக்கையாளர் பணத்தைத் 'திரும்பப் பெறலாம்'. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால், யார் யாரிடம் எதைக் கொடுப்பது என்று குழம்பும். அதனால் 'திரும்பப் பெறுதல்' என்பதை நிறுவனத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன். வாடிக்கையாளர் 'ஒப்படைப்பார்'. பணம் 'திருப்பித் தரப்படும்'.

எண்கள்

வரிசை எண்ணுக்கு 'இடையே' என்று எழுதாதீர்கள். ஓர எண்கள் சேருமா சேராதா என்ற கேள்வி வரும். 'முதல்… வரை' என்றால் இரண்டு முனையும் அடங்கும். மாதத்தை எழுத்தில் போடுங்கள். 03/04 என்பதை மார்ச் என்றும் படிக்கலாம், ஏப்ரல் என்றும் படிக்கலாம். பொருளின் மேல் அச்சிட்டிருப்பதைத் தமிழாக்கவே கூடாது, வாசகர் அதைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறார்.

அவசரமும் நிதானமும்

வியப்புக்குறிகளையும் 'உயிருக்கே ஆபத்து' போன்ற சொற்களையும் நானாகச் சேர்க்கவே மாட்டேன். 'பதற்றப்பட வேண்டாம்' என்றும் எழுத மாட்டேன், அதைப் படித்த பிறகுதான் பதற்றமே வரும். அடுத்து என்ன செய்வது என்று வரிசையாகத் தெரிந்தாலே மனம் அடங்கிவிடும்.

மறுபக்கம், மென்மையாக்கும் சொற்களிலும் கவனம் வேண்டும். 'முன்னெச்சரிக்கையாக', 'தாமாக முன்வந்து', 'அரிதான சூழலில்' என்றெல்லாம் நிறுவனங்கள் எழுத விரும்பும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ள பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஆபத்தைக் குறைத்துக் காட்டும் இத்தகைய சொற்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பில் தவிர்க்கச் சொல்கிறது. இதுவரை விபத்து எதுவும் பதிவாகவில்லை என்று சொல்வதும் அந்தப் பட்டியலில் உண்டு. மூலத்தில் இவை இருந்தால் நீங்களாக நீக்காதீர்கள், வேலை கொடுத்தவரிடம் சுட்டிக்காட்டுங்கள். அதேபோல மூலம் 'தீப்பிடிக்கலாம்' என்றால் 'தீப்பிடிக்கும்' ஆக்காதீர்கள்.

இப்போது என் திருத்திய வடிவம். எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

> பவர் பேங்க் பாதுகாப்பு அறிவிப்பு: பொருள் திரும்பப் பெறப்படுகிறது
>
> உங்கள் பவர் பேங்கின் பின்புறம் உள்ள SN எண்ணைப் பாருங்கள். அது 2304-0400 முதல் 2304-0899 வரை இருந்தால், இந்த அறிவிப்பு உங்களுக்கானது. வெளியே பழுது எதுவும் தெரியாவிட்டாலும் இது பொருந்தும்.
>
> இதன் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கலாம்.
>
> 1. இப்போதே பயன்பாட்டை நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள்.
> 2. எளிதில் தீப்பற்றும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள்.
> 3. குப்பையில் போடாதீர்கள். தபாலிலோ கூரியரிலோ அனுப்பாதீர்கள்.
> 4. எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று சொல்வோம். முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்.

'வெளியே பழுது எதுவும் தெரியாவிட்டாலும்' என்ற வரி மூலத்தில் இல்லை. நிறுவனத்திடம் சொல்லி, ஒப்புதல் வாங்கித்தான் சேர்த்தேன். மூன்றாவது படி மூலத்திலேயே இருந்தது. குப்பை வண்டியில் நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பற்றலாம். பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் திரும்பப் பெறப்படும் இத்தகைய பேட்டரிகளை விமானத்தில் ஏற்றவும் தடை இருக்கிறது. அதனால் 'திருப்பி அனுப்புங்கள்' என்ற சொல் இந்த அறிவிப்பில் எங்கும் வந்துவிடக் கூடாது, 'ஒப்படையுங்கள்' என்பதே சரி.

கடைசியாக, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் இதையும் பொருளையும் கொடுத்து, "உங்களுடையது இதில் சேருமா? இப்போது என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். புரிகிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள்.

சேர்க்கை 1: படமாகப் பகிரலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். படத்தோடு எழுத்து வடிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்குப் படத்தில் இருக்கும் எழுத்து கிடைக்காமல் போகலாம்.

சேர்க்கை 2: குறுஞ்செய்தியில் அனுப்பியபோது துண்டு துண்டாகப் பிரிந்தது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம், தமிழுக்கு 70தான். புள்ளியும் துணைக்குறியும் தனித்தனி இடம் பிடிக்கும், 'கு' என்பது இரண்டு. 'பவர் பேங்கைப் பயன்படுத்தாதீர்கள்.' என்பதற்கே 33 போய்விடும். அதனால் குறுஞ்செய்தியில் இந்த ஒரு வாக்கியத்தையும் அழைக்க வேண்டிய எண்ணையும் மட்டும் வையுங்கள்.