திருவிழா நாட்காட்டியில் தேதி தவறாக அச்சாகிவிட்டதா? திருத்தம் வெளியிடும் முறை

சென்ற ஆண்டு எங்கள் ஊர் முருகன் கோயிலுக்காக ஒற்றைத் தாளில் விழா நாட்காட்டி அச்சடித்தோம். மொத்தம் 500 பிரதிகள். முந்நூற்றுச் சொச்சம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, செப்டம்பர் 28ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஆண்டுதோறும் சஷ்டி விரதம் இருக்கும் ஓர் அம்மா தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "சூரசம்ஹாரம் 26ஆம் தேதி என்று போட்டிருக்கிறீர்களே, அன்றைக்குச் சஷ்டியே இல்லையே தம்பி?" என்றார். தாளைத் தயாரித்தவன் நான்தான்.

முதல் முறையாக இப்படி மாட்டிக்கொள்பவர்களுக்காக, நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: விநியோகத்தை நிறுத்திவிட்டு, பிழை எங்கே பிறந்தது என்று பாருங்கள்

கையில் மிச்சமிருக்கும் கட்டுகளைப் பூட்டி வையுங்கள். பிழையான பிரதி ஒன்றைத் தனியே எடுத்து, மேலே "பிழை" என்று எழுதிக்கொள்ளுங்கள். இனி எல்லா ஒப்பீடும் அதை வைத்துத்தான்.

அடுத்து, தவறு ஒரு எண்ணில் மட்டும் இருக்கிறதா, கணக்கிலேயே இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். என்னுடையது கணக்குப் பிழை. 2023இல் தீபாவளி நவம்பர் 12, சூரசம்ஹாரம் 18. ஆறு நாள் இடைவெளி. அதையே மனத்தில் வைத்துக்கொண்டு 2025 தீபாவளியான அக்டோபர் 20உடன் ஆறைக் கூட்டி 26 என்று போட்டுவிட்டேன். கந்த சஷ்டி தீபாவளியிலிருந்து எண்ணப்படுவதில்லை. ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த பிரதமையில் தொடங்குகிறது. 2025இல் அமாவாசை 20ஆம் தேதி பிற்பகலில் தொடங்கி 21ஆம் தேதி மாலை வரை நீண்டது. அதனால் விரதத்தின் முதல் நாள் 22, சூரசம்ஹாரம் 27. 2024ஐப் புரட்டிப் பார்த்திருந்தாலும் தப்பித்திருப்பேன். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, சூரசம்ஹாரம் நவம்பர் 7, இடைவெளி ஏழு நாள்.

மெய்ப்புப் பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 26க்கு நேரே "ஞாயிறு, ஐப்பசி 9" என்று இருந்தது. ஆங்கிலத் தேதி, கிழமை, தமிழ்த் தேதி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தின. மூன்றும் சேர்ந்து தவறான நாளைக் காட்டின. திதியைப் பார்க்காமல் இந்த வகைப் பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை.

படி 2: சரியான தேதியை உறுதி செய்யுங்கள்

கைப்பேசியில் தேடிக் கிடைக்கும் முதல் தேதியை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கோயில் வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா, எதைப் பின்பற்றுகிறது என்று குருக்களிடம் கேட்டு, அந்தப் பஞ்சாங்கத்திலேயே பாருங்கள். இரண்டுக்கும் திதி நேரம் வேறுபடும். சில ஆண்டுகளில் அது நாளையே மாற்றிவிடும். சூரசம்ஹாரம் மாலையில் நடக்கும் நிகழ்ச்சி என்பதால் மாலையில் சஷ்டி இருக்கிறதா என்று பார்த்தோம். பிறகு குருக்கள் ஒரு தாளில் தேதிகளைத் தம் கையால் எழுதிக் கொடுத்தார். வாய்மொழியாக வாங்காதீர்கள். இரண்டாவது திருத்தம் வெளியிட நேர்ந்தால் அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

அதே தாளில் உள்ள மற்ற விழாக்களையும் இந்தச் சமயத்தில் சரிபார்த்துவிடுங்கள். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகம் நவம்பர் 5, திருக்கார்த்திகை டிசம்பர் 3 ஆகிய இரண்டும் சரியாகவே இருந்தன. இதைத் திருத்தத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மக்கள் முழுத் தாளையும் சந்தேகிப்பார்கள்.

படி 3: திருத்த அட்டவணையை முதலில் எழுதுங்கள்

மன்னிப்பு வாசகத்தில் உட்கார்ந்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள், அட்டவணைதான் முதலில். "எல்லாத் தேதிகளும் ஒரு நாள் தள்ளிப் போகின்றன" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். அதில்தான் ஆபத்து இருக்கிறது. பழைய தாளிலும் 27 இருக்கிறது, புதிய அட்டவணையிலும் 27 இருக்கிறது. பழையதில் அது திருக்கல்யாணம், புதியதில் சூரசம்ஹாரம். "27 என்று யாரோ சொன்னார்கள்" என்ற அளவில் செய்தி காதில் விழுந்தவர் தம் சுவரில் தொங்கும் தாளைப் பார்த்துத் திருக்கல்யாணத்துக்குப் புறப்படுவார். ஆகவே தேதியை மட்டும் சொல்லக்கூடாது, ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பெயரோடு எழுத வேண்டும்:

| நிகழ்ச்சி | சரியான நாள் | நேரம் |
|---|---|---|
| காப்புக் கட்டுதல், விரதம் தொடக்கம் | அக்டோபர் 22, புதன் (ஐப்பசி 5) | காலை 7.00 |
| தினசரி அபிஷேகம் | அக்டோபர் 22 புதன் முதல் 27 திங்கள் வரை | காலை 9.00 |
| சூரசம்ஹாரம் | அக்டோபர் 27, திங்கள் (ஐப்பசி 10) | மாலை 5.00 |
| திருக்கல்யாணம் | அக்டோபர் 28, செவ்வாய் (ஐப்பசி 11) | மாலை 6.30 |

"தவறு", "சரி" என்று இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடும் பழக்கம் உண்டு. நான் அதைத் தவிர்ப்பேன். அவசரத்தில் பார்ப்பவர் கண்ணில் எந்தப் பத்தி படும் என்று சொல்ல முடியாது. தவறான தேதி முழு அறிவிப்பிலும் ஒரே ஒரு முறை, மன்னிப்பு வரியில், சிறிய எழுத்தில் வந்தால் போதும். தங்கள் கையில் இருப்பது பிழையான தாள்தான் என்று அடையாளம் கண்டுகொள்ள அது தேவை.

படி 4: மன்னிப்பு

என் முதல் வரைவு இப்படி இருந்தது: "தவிர்க்க முடியாத காரணங்களால் நாட்காட்டியில் சிறு பிழை நேர்ந்துவிட்டது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." எழுதியதைப் படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பஞ்சாங்கத்தைப் புரட்டியிருந்தால் தவிர்த்திருக்கலாம். ஆறு நாள் ஒருவேளை உணவோடு விரதம் இருப்பவருக்கு, வெளியூரிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டவருக்கு, அது சிறு பிழையும் அல்ல. அச்சகத்தின் மேல் பழியைப் போடவும் ஓர் ஆசை வரும். அவர்கள் நாம் கொடுத்ததைத்தான் அச்சடித்தார்கள்.

இறுதியில் வெளியிட்டது இதுதான்:

> திருத்தம் (29.9.2025)
> கந்த சஷ்டி சூரசம்ஹாரம் அக்டோபர் 27, திங்கட்கிழமை மாலை நடைபெறும். எங்கள் நாட்காட்டியில் 26 என்று தவறாக அச்சிட்டுவிட்டோம். தேதியைக் கணக்கிட்டதில் பிழை எங்களுடையது, மன்னிக்க வேண்டுகிறோம். விரதத் தொடக்கமும் திருக்கல்யாணமும் மாறுகின்றன. சரியான அட்டவணை கீழே. மற்ற விழாத் தேதிகளில் மாற்றம் இல்லை.

ஆறே வாக்கியம். முதல் வாக்கியம் சரியான தேதி. அதற்கு மேல் படிக்காமல் போகிறவருக்கும் தேவையானது கிடைத்துவிடும். மன்னிப்பு நீண்டால் தேதி அதற்குள் புதைந்துபோகும். அறிவிப்பின் மேல் வெளியிட்ட நாளைப் போட மறக்காதீர்கள். இரண்டு தாள்கள் கையில் இருக்கும்போது எது புதியது என்று அதுதான் சொல்லும்.

படி 5: கையில் உள்ள பிரதிகள்

எங்களிடம் 180 மிச்சம். பேனாவால் அடித்து எழுதலாம் என்றார்கள். 180 தாளிலும் நான்கு இடங்களில் கையால் மாற்றினால் எங்காவது ஒன்று விட்டுப்போகும். எண்ணின் மேல் மட்டும் சின்ன வில்லை ஒட்டுவதும் அப்படித்தான். கிழமை பழையதாகவே நின்றுவிடும். கந்த சஷ்டிக் கட்டம் முழுவதையும் மறைக்கும் ஸ்டிக்கர்தான் சரி.

கட்டத்தின் அளவு 9 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம். பக்கத்துக்கு 2 மி.மீ. கூட்டி 9.4க்கு 6.4 என்று வைத்ததில், ஏ4 ஸ்டிக்கர் தாள் ஒன்றில் எட்டு வந்தது. 180க்கு 23 தாள் வேண்டும். கோணலாக ஒட்டிக் கிழிப்பதற்கும் சேர்த்து 25 வாங்கினோம். முதலில் ஒன்றை மட்டும் ஒட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கள் வெள்ளை ஸ்டிக்கரின் வழியே பழைய 26 மங்கலாகத் தெரிந்தது. பின்னணியில் மஞ்சள் நிறம் அடித்து அச்சிட்டதும் மறைந்தது. திருத்தப்பட்ட தாள் என்று தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது கூடுதல் லாபம்.

படி 6: வெளியே போய்விட்டவை

இதுதான் உண்மையான வேலை. முதல் அழைப்பு உபயதாரர்களுக்குப் போக வேண்டும். ஆறு நாள் அபிஷேகத்துக்கும் நாளுக்கு ஒருவர் உபயம் ஏற்றிருந்தார்கள். "முதல் நாள் உபயம்" என்று ஏற்றவருக்கு 21 என்பது 22 ஆகிறது. "ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வர முடியும்" என்பதற்காகவே 26ஐ ஏற்றவருக்கு இப்போது சூரசம்ஹார நாள் கிடையாது, ஐந்தாம் நாள்தான். இதைத் துண்டுத்தாளில் தெரிவிக்கக் கூடாது. தொலைபேசியில் பேசி, நாளை வைத்துக்கொள்கிறாரா, நிகழ்ச்சியை வைத்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள். அடுத்து நாகஸ்வரக்காரர், பூக்காரர், பந்தல்காரர். ஊர்வலத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்தில் மனு கொடுத்திருந்தால், அதிலும் தேதியை எழுத்து மூலம் மாற்ற வேண்டும்.

வீடுகளுக்கு, நாட்காட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தவரையே திருப்பி அனுப்புங்கள். எந்தெந்த வீட்டில் கொடுத்தோம் என்பது அவருக்குத்தான் தெரியும். துண்டுத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு வராமல், அதே ஸ்டிக்கரைச் சுவரில் தொங்கும் தாளின் மேல் ஒட்டிவிட்டு வரச் சொன்னோம். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவித்தோம். அறிவிப்பில் பழைய தேதியை உச்சரிக்கவே இல்லை.

வாட்ஸ்அப் தனித் தொல்லை. பழைய படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு யாரோ அனுப்பினார்கள். சிறிய திரையில் குறி தெரியவில்லை, 26 மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பழைய படத்தை எந்த வடிவத்திலும் மறுபடி அனுப்பாதீர்கள். புதிய அட்டவணையை வேறு நிறத்தில், மேலே "திருத்தம்" என்று போட்டு அனுப்புங்கள்.

படி 7: போய்ச் சேர்ந்ததா என்று சோதியுங்கள்

"திருத்தம் பார்த்தீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "பார்த்தோம்" என்பார்கள். "சூரசம்ஹாரம் என்றைக்கு?" என்று கேளுங்கள். வெவ்வேறு தெருக்களில் பத்து வீடுகளில் கேட்டோம். எட்டு வீடுகளில் 27 என்றார்கள். மற்ற இரண்டும் ஒரே தெரு. அங்கே நாட்காட்டி கொடுத்த பையன் தேர்வுக்காக வெளியூர் போயிருந்தான், மறுநடை நடக்கவே இல்லை. அன்று மாலையே இன்னொருவரை அனுப்பினோம்.

கடைசியாக, தவறான தேதியன்று கோயில் வாசலில் ஓர் ஆளை நிறுத்துங்கள். 26ஆம் தேதி மாலை நானே நின்றேன். பக்கத்து ஊரிலிருந்து ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. உறவினர் வீட்டில் நாட்காட்டியைப் பார்த்திருக்கிறார்கள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பெரியவர், "சரி, ஐந்தாம் நாள் அலங்காரம் பார்த்த மாதிரி ஆயிற்று" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். திரும்பும்போது மறுநாளைக்கு எத்தனை மணி என்று கேட்டு, ஒரு மஞ்சள் ஸ்டிக்கரையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.