கடைப் பெயருக்குக் கீழே ஒரு வரி: தமிழிலும் ஆங்கிலத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கேயம் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் ஒருவர் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் பாட்டிலில் விற்பனைக்கு உண்டு. சுற்று வட்டாரத்தில் இருப்பவர்கள் தங்கள் தோட்டத்துக் கொப்பரையையோ எள்ளையோ மூட்டையில் கொண்டுவந்தால், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு ஆட்டியும் கொடுப்பார். பலகை எழுதப் போகும்போது, பெயருக்குக் கீழே போட அவர் எழுதி வைத்திருக்கும் வரி இதுதான்: ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’. அதற்கும் கீழே ஆங்கிலத்தில் ‘குவாலிட்டி இஸ் அவர் மோட்டோ’.

இந்த இரண்டு வரிகளில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் பலகையில் அவற்றுக்கு வேலையும் இல்லை. கடையின் பெயரைக் கையால் மறைத்துவிட்டு அந்த வரியை மட்டும் படித்துப் பார்த்தால் குறை புரியும். நகைக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் பல் மருத்துவமனைக்கும் அது அப்படியே பொருந்தும். தரம், நம்பிக்கை, பாரம்பரியம், பெருமை ஆகிய சொற்கள் கடைக்காரர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைச் சொல்கின்றன; கல்லாவுக்கு எதிரே நிற்பவர் எதை வாங்கிக்கொண்டு போவார் என்பதைச் சொல்வதில்லை. டேக்லைன் எழுதும்போது நேரும் தவறுகளில் முதலாவதும் பெரியதும் இதுவே. இதைத் திருத்த ஒரு வழி உண்டு. ஒரு வாரம் கடைக்கு வருபவர்களும் போனில் அழைப்பவர்களும் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வர வேண்டும். ‘மரச்செக்குதானே?’, ‘எங்க எள்ளக் கொண்டாந்தா ஆட்டித் தருவீங்களா?’ என்று இரண்டு கேள்விகளே திரும்பத் திரும்ப வந்தால், பலகையில் அந்த இரண்டுக்கும்தான் விடை இருக்க வேண்டும். ‘மரச்செக்கு எண்ணெய்: விற்கிறோம், ஆட்டியும் தருகிறோம்’ என்று எழுதிவிட்டால் ஐந்தே சொல்லில் கடையின் இரண்டு தொழில்களும் வெளியே வந்துவிடுகின்றன.

‘ஆட்டி’ என்ற சொல்லை இங்கே விட்டுவிடக் கூடாது. செக்கில் எண்ணெய் ஆட்டுவது என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். ‘கோல்ட் பிரெஸ்டு’ என்பதை அகராதி வைத்துத் தமிழாக்கி ‘குளிர் அழுத்த எண்ணெய்’ என்று எழுதினால், எண்ணெய் வாங்க வந்தவருக்கு அது குளிர்சாதனப் பெட்டியோடு சம்பந்தப்பட்ட ஏதோ பொருள் என்றே தோன்றும். தமிழில் அந்தத் தொழிலுக்குச் சொல் ஏற்கெனவே இருக்கும்போது ஆங்கிலத்திலிருந்து ஒன்றைச் செய்துகொண்டு வருவது தேவையற்றது. நல்லெண்ணெய்க்கு எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பவராக இருந்தால், ‘கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெய்’ என்ற வரி ‘சுத்தமான, தரமான’ என்ற எந்த அடைமொழியையும்விட அதிகம் சொல்லும். அதைப் படிப்பவருக்கு மணம்கூட நினைவுக்கு வரும்.

அடுத்த தவறு, ஒரு மொழியில் எழுதியதை மற்ற மொழிக்கு அப்படியே பெயர்ப்பது. இரண்டு வரிகளும் ஒரே செய்தியைச் சொல்லியாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் இரண்டு வரிகளையும் படிப்பவர்கள் ஒருவரல்லர். நம் கடையில் தமிழ் வரியைப் படிப்பவர் பக்கத்து ஊர்க்காரர். அவரிடம் எள் மூட்டை இருக்கலாம். ஆங்கில வரியை நம்பி வண்டியை நிறுத்துபவர் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் போகும் வெளிமாநிலத்தவர். ஆட்டிக் கொடுக்கும் சேவை அவருக்குத் தேவைப்படாது, என்னென்ன எண்ணெய் கிடைக்கும் என்பதே அவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே ஆங்கிலத்தில் ‘வுட் பிரெஸ்டு கிரவுண்ட்நட், ஜிஞ்சலி அண்ட் கோகனட் ஆயில்’ என்று பொருள்களின் பெயரையே சொல்லிவிடுவது நல்லது. ‘வுடன் செக்கு ஆயில்’ என்று பாதி தமிழாக எழுதினால் செக்கு என்ற சொல்லை அறியாதவர் அதிலேயே நின்றுவிடுவார். நல்லெண்ணெயை நம் நாட்டு ஆங்கிலத்தில் ஜிஞ்சலி என்பது வழக்கம். ஆனால் பாட்டில்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அந்த லேபிளில் மட்டும் ‘செசமி’ என்று எழுத வேண்டும். அங்குள்ளவர்களில் பலருக்கு ஜிஞ்சலி என்றால் என்னவென்று தெரியாது.

எண்ணெய் போன்ற உணவுப் பொருளில் இன்னொரு தவறு சட்டச் சிக்கலிலும் கொண்டுபோய்விடும். ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’, ‘மாரடைப்பைத் தடுக்கும்’ என்று கவர்ச்சிக்காகச் சேர்க்கும் வரிகளைத்தான் சொல்கிறேன். உணவு நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று விளம்பரப்படுத்துவதை 2018ஆம் ஆண்டின் உணவு விளம்பர விதிமுறைகள் தடை செய்கின்றன. இயற்கையான, தூய, பாரம்பரிய என்ற சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கும் அவற்றில் நிபந்தனைகள் இருக்கின்றன. ‘கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்’ என்பதும் பயனற்ற பெருமைதான். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதில்லை என்பதால், பக்கத்துக் கடை எண்ணெயும் அப்படிப்பட்டதே.

வரி முடிவான பிறகும் பலகையில் அது கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும், ஆங்கிலம் அதற்குக் கீழும், பிற மொழிகள் கடைசியிலும் 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. இதை நினைவில் வைத்துத்தான் வரியின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். தமிழ் எழுத்துகள் அகலமானவை. நீளமான தமிழ் வரியை அடக்குவதற்காக எழுத்தைச் சிறிதாக்கிவிட்டு, ஆங்கிலத்தைப் பெரிதாகப் போடுவது பல ஊர்களில் காணும் காட்சி. அப்படி நேர்ந்தால் எழுத்தின் அளவைத் தொடக் கூடாது, ஒரு சொல்லைத்தான் குறைக்க வேண்டும்.

அச்சுக்குப் போகும் முன் பார்க்க வேண்டியது எழுத்து. ‘மர செக்கு’ என்று ஒற்றில்லாமல் பிரித்து எழுதுவது, ‘எண்ணை’ என்று எழுதுவது, ‘விற்க்கப்படும்’ என்று ற்-க்குப் பின் இன்னொரு க் சேர்ப்பது, ‘சில்லரை’ என்று இடையின ர போடுவது ஆகிய நான்கும் எண்ணெய்க் கடைப் பலகைகளில் அடிக்கடி கண்ணில் படுபவை. மரச்செக்கு, எண்ணெய், விற்கப்படும், சில்லறை என்பவையே சரியான வடிவங்கள். இவற்றை நீங்கள் சரியாகத் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் கவலை தீர்ந்துவிடாது. ஃபிளெக்ஸ் அடிக்கும் இடத்தில் இருக்கும் பழைய மென்பொருள் யூனிகோட் தமிழை ஒழுங்காகக் கோக்காவிட்டால், கொப்பரையின் ‘கொ’வில் க-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். சிலர் பழைய எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்யும்போது புதிய பிழைகளும் புகுந்துவிடும். அதனால் வடிவமைப்பாளரின் திரையில் தெரிவதைப் படமாக வாங்கி, அனுப்பிய வரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அச்சுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். நம் கடைக்காரரின் வரியில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: ‘மரச்செக்கு’வின் ச், ‘எண்ணெய்’யின் இரண்டாம் ண-வுக்கு முன் நிற்கும் கொம்பு.