புகார் எழுதும் முன் விதிமுறைகளை எப்படிப் படிப்பது?

வில்லியனூரில் இருக்கும் என் சித்தி, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிக்கு ஒரு வருட ஏ.எம்.சி., அதாவது பராமரிப்பு ஒப்பந்தம், போட்டிருந்தார். 5,400 ரூபாய், நான்கு சர்வீஸ். வருடம் முடியும்வரை ஆள் வந்தது ஒரே ஒரு முறை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “நான்-ரீஃபண்டபிள் மேடம், டேர்ம்ஸ்ல இருக்கு” என்றார்கள். சித்தி அதோடு விட்டுவிட இருந்தார். நான் அந்த டேர்ம்ஸை வாங்கிப் படித்தேன். படித்த முறையை அப்படியே சொல்கிறேன்.

1. முதலில் சேமித்து வையுங்கள்

விதிமுறைப் பக்கத்தை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் இன்றே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். பக்கத்தில் “கடைசியாகத் திருத்திய தேதி” இருக்கிறதா என்று பாருங்கள். அது நீங்கள் பணம் கட்டிய தேதிக்குப் பிந்தையது என்றால், கட்டிய அன்று மின்னஞ்சலில் வந்த பிரதியைத் தேடி எடுங்கள். ரசீதின் பின்பக்கத்தையும் விடாதீர்கள்.

2. இந்தச் சொற்களைத் தேடுங்கள்

முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். கணினியில் Ctrl+F அழுத்தி, இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்:

```
refund
cancel
liability
jurisdiction
arbitration
grievance
```

3. பணம் திரும்பும் பிரிவு: யார் முறித்தால்?

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். சித்தியின் ஒப்பந்தத்தில் இருந்தது இவ்வளவுதான்: “வாடிக்கையாளர் 7 நாளுக்குப் பிறகு ரத்து செய்தால் கட்டணம் திருப்பித் தரப்படாது.” சித்தி ரத்து செய்யவே இல்லை. ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாதது அவர்கள். வாங்கியவர் மனம் மாறினால் என்ன என்பதைச் சொல்லும் வரியை, விற்றவர் வேலை செய்யாதபோதும் காட்டுகிறார்கள். ஆகவே “ரீஃபண்ட் இல்லை” என்ற சொல்லோடு நிற்காமல், அதற்கு முன்னால் இருக்கும் நிபந்தனையைப் படியுங்கள்.

கணக்கும் அங்கிருந்துதான் வந்தது. நான்கில் மூன்று சர்வீஸ் நடக்கவில்லை, அதனால் கேட்க வேண்டியது 4,050 ரூபாய். நடந்த ஒன்றுக்கும் சேர்த்துக் கேட்டால் நம் பக்கம்தான் பலவீனமாகும்.

4. பொறுப்பு வரம்பு

“கட்டிய தொகைக்கு மேல் பொறுப்பில்லை, மறைமுக இழப்புக்குப் பொறுப்பில்லை” என்று இருந்தது. 4,050 அந்த வரம்புக்குள்ளேயே வருகிறது. ஆனால் கருவி ஓடாத நாட்களில் சித்தி 1,200 ரூபாய்க்கு கேன் தண்ணீர் வாங்கியிருந்தார். அதைத்தான் மறைமுக இழப்பு என்று தள்ளப் பார்ப்பார்கள். கவனக்குறைவால் வந்த இழப்புக்கு ஈடு தரச் சொல்லும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. எனவே கேளுங்கள், ஆனால் தனி வரியாக. ஒன்று மறுக்கப்பட்டாலும் மற்றது நிற்கும்.

5. எந்த ஊரில் வழக்கு?

“குருகிராம் நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்” என்று படித்ததும் சித்தி சோர்ந்து போனார். சோர வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 34-இன்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். கடலூரில் குடியிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். வசிப்பிடத்துக்கோ வேலைக்கோ ஒரு சான்று இணைத்தால் போதும்.

தகராறை நீதிமன்றத்துக்குப் போகாமல் ஒரு நடுவரிடம்தான் தீர்க்க வேண்டும் என்னும் ஆர்பிட்ரேஷன் பிரிவு இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது. இதை 2018-இல் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஒரு எச்சரிக்கை. “இந்த விதிமுறையே நியாயமற்றது, செல்லாது என்று அறிவியுங்கள்” என்று கேட்டால் அது நியாயமற்ற ஒப்பந்தப் புகாராகி, மாநில ஆணையத்துக்குப் போய்விடும். சிறு தொகைக்கு அது வேண்டாம். “சேவைக் குறைபாடு” என்றே எழுதுங்கள்.

6. இனி எழுதுங்கள்

grievance என்று தேடியபோது கிடைத்த குறைதீர்ப்பு முகவரிக்கு முதலில் அனுப்புங்கள். சித்திக்காக எழுதிய பகுதி:

“ஒப்பந்தப்படி நான்கு சர்வீஸுக்கு 5,400 ரூபாய் செலுத்தினேன். ஒன்று மட்டுமே நடந்தது. உங்கள் ரத்துப் பிரிவு நான் ரத்து செய்தால் மட்டுமே பொருந்தும்; நான் ரத்து செய்யவில்லை. நடக்காத மூன்றுக்கு 4,050 ரூபாயும், தனியாக, குடிநீர்ச் செலவு 1,200 ரூபாயும் 15 நாளுக்குள் தரவும்.”

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் e-jagriti.gov.in வழியாக மாவட்ட ஆணையத்தில் பதியலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் பதிந்துவிட வேண்டும்.