வீட்டு தீர்வை கூடிட்டுன்னு சண்டைக்கு போறதுக்கு முன்னாடி

நம்ம நெல்லையில பாதி பேரு செய்ற தப்பு ஒண்ணு இருக்கு, தீர்வை ரசீத தூக்கிட்டு மண்டல ஆபீஸ்க்கு போயி "அண்ணாச்சி, இந்த பழைய வீட்ட வித்தா என்ன வரும்னு நெனைக்கிய, இதுக்கு போயி இவ்வளவு போட்டிருக்கீயளே"ன்னு கேக்குறது. விக்குற விலைக்கும் தீர்வைக்கும் நேரடியா சம்பந்தமே கெடையாது. மாநகராட்சி பாக்குறது உங்க தெருவுக்கு சதுர அடிக்கு என்ன அடிப்படை மதிப்பு வச்சிருக்குன்னு, அதோட கட்டட பரப்பு, எந்த மாதிரி கட்டடம், குடியிருப்பா கடையா. இதுல இருந்து வருஷ வாடகை மதிப்புன்னு ஒண்ணு வரும், வரி அது மேலதான். ஒரே தெருவுல ஒரே அளவு வீடு ரெண்டு, ஒண்ணு 3 சென்ட்ல, இன்னொண்ணு 4 சென்ட் கார்னர்லன்னா விலை லட்சக்கணக்குல மாறும், தீர்வை கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்கும். tnreginet.gov.in-ல பாக்குற வழிகாட்டி மதிப்பும் பத்திரப்பதிவுக்குதான், அத பிரிண்ட் எடுத்துட்டு போயி பிரயோஜனம் இல்ல.

சண்டை போடணும்னா சதுர அடியில போடுங்க. 2022-ல வரி ஏத்துனப்ப நம்ம மாநகராட்சியில குடியிருப்புக்கு 601-ல இருந்து 1200 சதுர அடி வரைக்கும் 50 சதவீதம், 1201-ல இருந்து 1800 வரைக்கும் 75 சதவீதம். பெருமாள்புரம் பக்கம் ஒரு வீடுன்னு வச்சுக்குவோம், வெளிச்சுவரோட அளந்தா 32-க்கு 37, அதாவது 1184. ஆனா ரெக்கார்டுல 1240 கெடக்கு, ஏன்னா பின்னாடி 7-க்கு 8-ல இருந்த பழைய குளியலறைய இடிச்சு வருஷமாச்சு, யாரும் போயி சொல்லல. அந்த 56 சதுர அடியால ஸ்லாப்பே மாறிட்டு. அரையாண்டுக்கு ஆயிரம் ரூவா கட்டிட்டிருந்தவருக்கு 1500 வரவேண்டியது 1750, அதுக்கப்புறம் ஏறுறதெல்லாம் அந்த பெரிய தொகை மேலதான்.

அளக்கும்போது வீட்டுக்குள்ள மட்டும் டேப் போட்டுட்டு "எனக்கு 1080 தான்"னு நிக்காதீங்க, சுவரு கனமும் கணக்குல உண்டு, அங்கயே உங்க பேச்சு எடுபடாம போயிரும். ரெக்கார்டுல எவ்வளவுன்னு வரிவிதிப்பு எண்ண சொல்லி கேளுங்க, வித்தியாசம் இருந்தா மறு அளவுக்கு எழுதி குடுத்து நகல்ல சீல் வாங்கிக்கோங்க. வாயால சொல்லிட்டு வர்றது எங்கயும் ஏறாது.

இன்னொண்ணு, முன் ரூம கடைக்கு விட்டிருந்து இப்ப காலி பண்ணி வீடாவே புழங்குறவங்க. கடைக்கு அன்னைக்கு ஏறுனது 100 சதவீதம். காலி பண்ணுனத நீங்க சொல்லாத வரைக்கும் அது கடைதான், பில் கலெக்டர் வந்து எட்டிப் பாத்து மாத்துவாருன்னு இருந்தா நடக்காது.

மனு முடியட்டும்னு பழைய தீர்வைய கட்டாம போடாதீங்க. அரையாண்டு ஆரம்பிச்ச முத 30 நாளுக்குள்ள, அதாவது ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் கட்டுனா 5 சதவீதம் கழிவு உண்டு, அதையும் சேத்து விட்டுறாதீங்க.